கோழிக்கொழம்பும் மீன் கொழம்பும் ஒண்ணு இல்லீங்க

போன ஞாயித்துக்கிழமை பொன்னேரியில கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறி, விம்கோ நகர்ல எறங்கினேன். அக்கா பையன் எண்ணூர் பக்கம் கன்டெய்னர் யார்டுல வேலை செய்யிறான். நாலு பசங்களா ரூம் எடுத்துத் தங்கியிருக்காங்க. ஓட்டல் சாப்பாட்டுல வயிறும் கெட்டு சம்பளமும் கரையுதுன்னு, வாரம் ஒரு நாளாவது சமைக்க ஆரம்பிச்சாங்க. ரெண்டு தடவை கோழிக்கொழம்பு வச்சு, ரெண்டு தடவையும் வாயில வைக்க முடியலையாம். "இனிமே பிரியாணி பார்சல்தான் மாமா"ன்னான்.

சமைக்கிறவன் காசிமேட்டுப் பையன். மீன் கொழம்புல கெட்டிக்காரன். "எப்படிப்பா செஞ்ச?"ன்னு கேட்டேன். "இன்னா மாமா, வெங்காயம் தக்காளி ஒண்ணா போட்டு வதக்கி, தூள் போட்டு, தண்ணி ஊத்தி, நல்லா கொதிச்சதும் கறியப் போட்டேன்"னான். அப்பவே வெளங்கிடுச்சு. மீனுக்கு வைக்கிற முறையிலயே கோழியையும் வச்சிருக்கான்.

மீன் பத்து நிமிஷத்துல வெந்துடும், கிளறினா உடையும். அதனால கொழம்பு கொதிச்சு பச்சை வாசனை போனப்புறம், கடைசியாத்தான் போடணும். கோழி அப்படி இல்ல. கொதிக்கிற கொழம்புல போட்டா, மசாலா எண்ணெயில வதங்க வாய்ப்பே இல்லாம, வெறும் தண்ணியில வெந்த கறியாயிடும். அதோட கறியே தண்ணி விடும். முன்னாடியே ஊத்தின தண்ணியும் சேர்ந்து கொழம்பு சப்புன்னு ஆயிடும்.

அன்னிக்கு அவன் கையாலேயே செய்ய வச்சேன். ஒரு கிலோ பிராய்லர் கறி, பெரிய வெங்காயம் மூணு, தக்காளி ரெண்டு, இஞ்சி பூண்டு விழுது ரெண்டு ஸ்பூன், மில்லுல அரைச்ச கொழம்பு மிளகாத்தூள் மூணு ஸ்பூன், மஞ்சத்தூள் அரை ஸ்பூன்.

அகலமான சட்டியில நாலு கரண்டி எண்ணெய். பட்டை, கிராம்பு பொரிஞ்சதும் வெங்காயம் மட்டும். கூடவே ஒரு சிட்டிகை உப்பு. பத்து நிமிஷம் ஆச்சு. பையனுக்குப் பொறுமை இல்ல, தக்காளியை எடுத்துட்டான். கையைத் தட்டிவிட்டேன். தக்காளி விழுந்ததும் சட்டி தண்ணியாயிடும். தண்ணி இருக்கிற வரைக்கும் வெங்காயம் வேகுமே தவிர செவக்காது. அந்தப் புளிப்புல வெங்காயம் சீக்கிரம் குழையவும் குழையாது. அவன் கொழம்புல வெங்காயம் தனியா மிதந்ததுக்குக் காரணம் அதுதான். வெங்காயம் சுருங்கி, ஓரம் செவந்து, இனிப்பு வாசனை வரணும். கொழம்புக்குக் கெட்டியும் நிறமும் அங்கதான் வருது.

அடுத்து இஞ்சி பூண்டு, ஒரு நிமிஷம். அடிப்பிடிக்க விடக்கூடாது. அப்புறம்தான் தக்காளி. அது முழுசா மசிஞ்சதும் தூள்.

இந்த எடத்துல எங்க வீட்லயே சண்டை உண்டு. என் சம்சாரம் தூளை எண்ணெயில போட்டுட்டுத்தான் தக்காளி சேர்ப்பா. நிறம் அருமையா வரும், ஒத்துக்கறேன். ஆனா சூடான எண்ணெயில மிளகாத்தூள் கருக அரை நிமிஷம் போதும். கருகினா கசப்பு, அதை எதைப் போட்டும் மாத்த முடியாது. புதுசா சமைக்கிறவங்களுக்குத் தக்காளிக்கு அப்புறம் போடுறதுதான் நல்லதுன்னு சொல்வேன். தக்காளி ஈரம் தூளைக் காப்பாத்தும். மிதமான தீயில கிளறிக்கிட்டே இருந்தா, மூணு நாலு நிமிஷத்துல ஓரத்துல எண்ணெய் பிரியும். பச்சை வாசனை போயிடுச்சுங்கறதுக்கு அதுதான் அடையாளம்.

இப்போ கறி. தண்ணி ஊத்தக்கூடாது. உப்பு போட்டு, நல்ல தீயில ஏழெட்டு நிமிஷம் பெரட்டினோம். இளஞ்சிவப்பா இருந்த கறி வெளுத்து, மசாலா ஒட்டி, தன்னால தண்ணி விட்டுச்சு. "மாமா, நான் ஊத்தவே இல்லியே!"ன்னான். அதுக்கப்புறம் ஒரு டம்ளர் சுடுதண்ணி மட்டும் ஊத்தி, மூடி போட்டு, சின்னத் தீயில இருபது நிமிஷம். தொடை எலும்பு கிட்ட கீறிப் பார்த்தோம். உள்ள செவப்பு இல்ல. கொத்தமல்லி தூவி எறக்கியாச்சு.

நம்ம நாட்டுக்கோழின்னாலும் இதே வரிசைதான். ஆனா வேக முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும்; தண்ணியும் கூட வேணும். முத்தின கோழின்னா குக்கர்தான்.

எல்லாத்தையும் குக்கர்ல ஒண்ணா போட்டு விசில் விடலாமேன்னு டவுன்ல இருக்கிறவங்க கேப்பீங்க. விடலாம், கறி வேகும். ஆனா வெங்காயம் செவக்காது, எண்ணெய் பிரியாது. நீங்க மிச்சம் பிடிக்கிறது அந்தப் பதினஞ்சு நிமிஷத்தை. கொழம்பு ருசியே அந்தப் பதினஞ்சு நிமிஷத்துலதான் இருக்கு.

நைட் ஷிப்டு போற பையன் டிபன் பாக்ஸ்ல கொழம்பை ஊத்திக்கிட்டுப் போனான். அடுத்த ஞாயிறு பார்சல் வாங்கலையாம்.