நாலுக்கு ஒருவர் என்று எண்ணினால் கடைசி மூன்று பிள்ளைகள் எங்கே போவார்கள்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர் குழுவில் மூன்று நாளாக ஒரு வாக்குவாதம் ஓடுகிறது. நாம் பணம் போட்டு நடத்தும் மாலை வாசிப்பு வகுப்பால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பயன் இருக்கிறதா, தொடரலாமா, நிறுத்தலாமா என்று முடிவு செய்ய வேண்டும். வகுப்பில் 43 பேர். எல்லோரையும் தனித்தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்க நேரமில்லை, பத்துப் பேரைச் சோதித்தால் போதும் என்று பேசி முடித்தோம். வகுப்பாசிரியை வருகைப் பதிவேட்டைப் போட்டோ எடுத்து, சோதிக்கப் போகிறவருக்கு மட்டும் அனுப்பினார். அதுவரை எல்லாம் சரி. பிறகு தம்பி ஒருவர் எழுதினார்: "சார், லிஸ்ட்ல நாலுக்கு ஒருத்தரா எண்ணி எடுத்துடலாம். அதுவும் ரேண்டம்தானே?" உடனே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

அதுவும் ரேண்டம்தான் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏன் என்று அந்தப் பதிவேட்டை வைத்தே சொல்கிறேன்.

நம் ஊர்ப் பதிவேடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் பையன்கள், அகர வரிசையில். அடுத்து பெண் பிள்ளைகள், அதுவும் அகர வரிசையில். வருடத்தின் நடுவில் வந்து சேர்ந்த பிள்ளைகளை அகர வரிசையில் நுழைக்க இடம் இருக்காது, அதனால் கடைசியில் எழுதுவார்கள். இந்த வகுப்பில் 1 முதல் 22 வரை பையன்கள், 23 முதல் 40 வரை பெண்கள், 41, 42, 43 ஆகிய மூவரும் இடையில் வந்தவர்கள். வேலை தேடி இடம் மாறும் குடும்பத்துப் பிள்ளைகள். இரண்டு மூன்று பள்ளி மாறி வந்தவர்கள். வாசிப்பில் யாருக்குத் தடுமாற்றம் அதிகம் இருக்கும் என்று ஒரு ஆசிரியரிடம் கேட்டால் முதலில் இந்த மூவரைத்தான் காட்டுவார்.

இப்போது நாலுக்கு ஒருவர் என்று எண்ணுங்கள். 43-ஐப் பத்தால் வகுத்தால் 4.3. பின்னத்தைத் தள்ளிவிட்டு 4 என்று வைத்துக்கொள்கிறோம். 1 முதல் 4 வரை ஏதாவது ஒரு எண்ணில் தொடங்க வேண்டும். 1-இல் தொடங்கினால் 1, 5, 9 என்று போய் பத்தாவது ஆள் 37. 2-இல் தொடங்கினால் பத்தாவது ஆள் 38. 3-இல் தொடங்கினால் 39. 4-இல் தொடங்கினால் 40. பத்துப் பேர் கிடைத்ததும் நிறுத்திவிடுவீர்கள். 41, 42, 43 எங்கே? எந்தத் தொடக்கத்திலும் அவர்கள் வரமாட்டார்கள். நூறு தடவை எடுத்தாலும் நூறு தடவையும் வரமாட்டார்கள். யாரும் திட்டம் போட்டு ஒதுக்கவில்லை. வகுத்தலில் மிஞ்சிய மூன்று, மூன்று பிள்ளைகளாகி வாசலில் நிற்கிறது. பிறகு "எல்லோரும் நன்றாக வாசிக்கிறார்கள், மாலை வகுப்பு தேவையில்லை" என்று முடிவெழுதுவோம்.

புள்ளியியல் படித்தவர்கள் இதற்குப் பதில் வைத்திருப்பார்கள். இதற்கு மாற்று வழியும் உண்டு. 1 முதல் 43 வரை எந்த எண்ணிலும் தொடங்கலாம், பட்டியல் முடிந்ததும் மறுபடி மேலிருந்து எண்ணிக்கொண்டே போகலாம். வட்டமாகச் சுற்றி எண்ணும் இந்த முறையில் 43 பேருக்கும் சம வாய்ப்பு கிடைத்துவிடும். சரிதான். ஆனால் குழுவில் கட்டைவிரல் தூக்கிய ஒருவரும் இதைச் சொல்லவில்லையே! "நாலுக்கு ஒருவர்" என்று மட்டும் சொன்னால் களத்தில் போகிறவர் மேலிருந்து எண்ணிப் பத்தில் நிறுத்துவார். அதுதான் நடக்கும்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. நாலுக்கு ஒருவர் என்றால் மொத்தமே நான்கு குழுக்கள்தான் சாத்தியம். தொடக்க எண் தெரிந்தால் பத்துப் பேரும் தெரிந்துவிடும். பதிவேட்டைக் கையில் வைத்திருப்பவர் ஒரு நிமிடத்தில் நான்கையும் எண்ணிப் பார்த்துவிடலாம். நன்றாகப் படிக்கும் 9-ஆம் எண் வர வேண்டுமா? 1-இல் தொடங்கு. திக்கித் திணறும் 31-ஆம் எண் வரக் கூடாதா? 3-இல் தொடங்காதே. பள்ளிக்கு நல்ல பெயர் வரட்டும் என்ற நல்லெண்ணத்திலேயே இதைச் செய்கிறவர்கள் உண்டு. எளிய சமவாய்ப்பு முறையில் 43 பேரிலிருந்து பத்துப் பேரை 191 கோடிக்கும் அதிகமான விதங்களில் எடுக்கலாம். அதை எண்ணிப் பார்த்துச் சாதகமானதைப் பொறுக்க யாராலும் முடியாது.

சரி, சமவாய்ப்பு எண்களை வைத்து எப்படி எடுப்பது? செய்தே காட்டுகிறேன்.

முதல் வேலை போட்டோவைச் சரிபார்ப்பது. பதிவேட்டில் இரண்டு பக்கம் இருக்கும், போட்டோ ஒன்றுதான் வரும். மடிப்பு நிழலில் ஒரு பெயர் மறையும், ஓரத்தில் கடைசி வரி வெட்டுப்படும். வெட்டுப்படுவது பெரும்பாலும் அந்தக் கடைசிப் பிள்ளைகள்தான். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி எண்ணிப் பார்ப்பது. அன்றைய மொத்தப் பதிவு எத்தனை என்று ஆசிரியையிடம் கேளுங்கள். போட்டோவில் உள்ள பெயர்களோடு அது பொருந்தாவிட்டால் வேறு போட்டோ வாங்குங்கள். நமக்கு வந்த பட்டியலில் 46 வரிகள் இருந்தன. மூன்று பெயர்கள் சிவப்பு மையால் அடிக்கப்பட்டவை, மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போனவர்கள். பெண்கள் பகுதியில் வரிசை எண் மறுபடி 1-இலிருந்து தொடங்கியது. ஆகவே பதிவேட்டு எண்ணை நம்பாதீர்கள். அடிக்கப்பட்ட பெயர்களை விட்டுவிட்டு, 1 முதல் 43 வரை நீங்களே புதிதாக எண் போடுங்கள்.

அடுத்து எண்கள். 1955-இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் பத்து லட்சம் சமவாய்ப்பு இலக்கங்களை ஒரு புத்தகமாகவே அச்சிட்டது. மின்னணுச் சூதாட்டச் சக்கரம் போன்ற ஒரு கருவியால் உண்டாக்கிய எண்கள் அவை. நீங்களும் கூடவே சரிபார்க்கலாம் என்பதற்காக அதன் முதல் வரியையே எடுத்துக்கொள்கிறேன்:

```
10097 32533 76520 13586 34673 54876 80959 09117 39292 74945
```

43 என்பது இரண்டு இலக்கம். ஆகவே இரண்டிரண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டும். 10, எடுத்துக்கொள். 09, அதாவது 9, எடுத்துக்கொள். 73 நம் பட்டியலில் இல்லை, விடு. 25, 33, எடுத்துக்கொள். 76, 52, விடு. 01, 35, எடுத்துக்கொள். 86 விடு. 34 எடுத்துக்கொள். 67 விடு. மறுபடி 35, ஏற்கெனவே வந்துவிட்டது, விடு. 48, 76, 80, 95, 90, 91 எல்லாம் விடு. 17, 39, 29. பத்துப் பேர் ஆயிற்று. மொத்தம் 22 ஜோடிகள் படித்தோம், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வரிசைப்படுத்தினால் 1, 9, 10, 17, 25, 29, 33, 34, 35, 39.

இதைப் பார்த்ததும் இரண்டு கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும்.

ஒன்று: "33, 34, 35 அடுத்தடுத்து வந்திருக்கிறதே, இது ரேண்டமா?" ஆமாம், வரத்தான் செய்யும். சீராகப் பரவியிருந்தால்தான் ரேண்டம் என்று நினைப்பது நம் கண்ணின் பழக்கம். அடுத்தடுத்த இருவர் ஒருபோதும் சேர்ந்து வரமுடியாது என்றால்தான் அங்கே ஏதோ ஒழுங்கு கையைப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். நாலுக்கு ஒருவர் முறையில் அப்படித்தான் நடக்கிறது.

இரண்டு: "சார், உங்கள் பட்டியலிலும் 41, 42, 43 வரவில்லையே!" வரவில்லைதான். ஆனால் வாய்ப்பு இருந்து வராமல் போவது வேறு, வாய்ப்பே இல்லாமல் போவது வேறு. இந்த முறையில் மூவருமே விடுபடும் வாய்ப்பு நூற்றுக்கு 44. மற்ற 56 தடவை மூவரில் ஒருவராவது உள்ளே இருப்பார். அந்த மாலை வகுப்பில் அவர்கள் சிக்கல் முக்கியம் என்று நினைத்தால், புதிதாக வந்தவர்களைத் தனிப் பிரிவாக்கி அவர்களிலிருந்தும் எடுப்போம் என்று முன்கூட்டியே தீர்மானியுங்கள். முடிவைப் பார்த்த பிறகு "இது சரியில்லை, இன்னொரு வரி எடுப்போம்" என்று தொடங்கினால் நாலுக்கு ஒருவரில் நடக்கும் தில்லுமுல்லுதான் இங்கேயும் நடக்கும். ஆகவே எந்தப் பக்கம், எந்த வரி என்பதைப் போட்டோ வருவதற்கு முன்பே எழுதிக் குழுவில் போட்டுவிடுங்கள். எப்போதும் முதல் வரியையே எடுக்கும் பழக்கமும் வேண்டாம், அது எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிடும்.

கம்ப்யூட்டரில் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கூகுள் ஷீட்ஸில் `=RANDBETWEEN(1,43)` போட்டால் எண் வரும். ஆனால் தாளில் வேறெங்காவது ஒரு எழுத்தை மாற்றினால்கூட அந்த எண்ணும் மாறிவிடும். வந்தவுடன் மதிப்பாக மட்டும் ஒட்டிவையுங்கள். இல்லையென்றால் நேற்று எடுத்த பட்டியல் இன்று இருக்காது, சரிபார்க்கவும் வழியிருக்காது.

தேர்ந்தெடுத்த பிள்ளை அன்று வரவில்லையா? பக்கத்தில் இருப்பவரை உட்காரவைக்காதீர்கள். அடிக்கடி லீவு போடும் பிள்ளைதான் வாசிப்பில் பின்தங்கியிருக்கும். அதற்குப் பதில் தினமும் வருகிற பிள்ளையைச் சோதித்தால் நம் விடை தானாகவே அழகாகிவிடும். மறுநாள் போங்கள். அப்போதும் வரவில்லையென்றால் "வரவில்லை" என்றே எழுதுங்கள்.

நாலுக்கு ஒருவர் முறையை நான் முழுக்கத் தள்ளிவிடவில்லை. பட்டியலே இல்லாத இடத்தில் அது அருமையான முறை. கதவு கதவாகத் தெருவில் போகும்போதும், சத்துணவு வரிசையில் நிற்கும் பிள்ளைகளை எண்ணும்போதும், முன்கூட்டி எண் போட முடியாது. அங்கே எண்ணிக்கொண்டே போவதுதான் வழி. பட்டியல் மதிப்பெண் வரிசையில் இருந்தால் மேல், நடு, கீழ் எல்லாவற்றிலிருந்தும் ஆள் கிடைப்பார்கள் என்ற நன்மையும் உண்டு. ஆனால் நம்மிடம் முழுப் பட்டியலும் போட்டோவாகக் கையில் இருக்கிறது. எண் போட்டாயிற்று. இதற்குப் பிறகும் சுலபம் என்று சொல்லி நாலு நாலாக எண்ணுவதற்கு ஒரு காரணமும் இல்லை. மிச்சப்படுவது ஐந்து நிமிடம், விட்டுப்போவது மூன்று பிள்ளைகள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது ஒருவர் எண் அட்டவணையின் பக்கத்தையும் வரியையும் குழுவில் அறிவித்துவிடுங்கள். அதன்பிறகு ஆசிரியையிடம் இரண்டு பக்கமும் தெரியும்படி புதிய போட்டோ கேளுங்கள். பிள்ளைகளின் பெயர் இருக்கும் படம், அதைக் குழுவில் போட வேண்டாம். எண்கள் மட்டும் போதும்.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் கீழே தாராளமாக எழுதுங்கள். கட்டைவிரல் மட்டும் வேண்டாம், கணக்கோடு வாருங்கள்.