எவ்வளவு நேரம் தாங்கினீர்கள் என்பது பெருமை அல்ல



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் புது அடுக்ககங்களிலும் ஜிம்களிலும் சானா, சுடுநீர்த் தொட்டி எல்லாம் வரத் தொடங்கிவிட்டன. வரட்டும். ஆனால் "வேர்க்க வேர்க்க உட்காருங்கள், கழிவு வெளியேறும், எடை குறையும்" என்று குடும்பக் குழுவில் பகிர்கிறீர்களே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வேர்வையில் போவது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். கழிவை அகற்றுவது சிறுநீரகமும் கல்லீரலும். அரை கிலோ குறைந்ததாகத் தராசு காட்டினால், அரை லிட்டர் தண்ணீர் குடித்ததும் அது திரும்பிவிடும்.

"சானாவில் 80 டிகிரியையே தாங்குகிறார்கள், தொட்டியில் 42 என்ன செய்யும்?" என்று கேட்கிறீர்கள். சானாவின் காற்று உலர்ந்தது. வேர்வை ஆவியாகி உடலைக் குளிர்விக்கும். கழுத்துவரை வெந்நீரில் அமர்ந்தால் வேர்வை ஆவியாக வழியே இல்லை. நம் உடல் 37 டிகிரி. அதைவிடச் சூடான நீர் உள்ளே வெப்பத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஆரோக்கியமானவர்களுக்கே 40 டிகிரி உச்ச வரம்பு, அதுவும் 15 நிமிடம் போதும். "தாத்தா கொதிக்கக் கொதிக்கக் குளித்தாரே" என்பவர்களுக்கு: அவர் சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டார், ஊறிக் கிடக்கவில்லை.

சானாவுக்கும் எல்லை உண்டு. புதியவர் 5 முதல் 10 நிமிடம், பழகியவர் 15 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சானாவின் தாயகமான பின்லாந்திலேயே, ஹெய்னோலா நகரில் 2010 ஆகஸ்டில், யார் அதிக நேரம் தாங்குவது என்ற உலகப் போட்டியின் இறுதிச்சுற்று நடந்தது. 110 டிகிரி, சுமார் ஆறு நிமிடம். ரஷ்யப் போட்டியாளர் விளாதிமிர் லதிஷென்ஸ்கி இறந்தார். பலமுறை வென்ற பின்லாந்துக்காரர் தீமோ காவ்கோனென் கடும் தீக்காயங்களுடன் பிழைத்தார். அத்தோடு அந்தப் போட்டியே நின்றது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 62 வயது, சர்க்கரை, பிபி மாத்திரை. இப்படி ஒருவர் 42 டிகிரித் தொட்டியில் இறங்குகிறார் என்று வையுங்கள். நரம்பு மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது. கொப்புளத்தை மறுநாள்தான் பார்ப்பார். வெப்பத்தில் தோலின் ரத்தக்குழாய்கள் விரியும், ரத்த அழுத்தம் இறங்கும், மாத்திரை அதை இன்னும் இறக்கும். சட்டென எழுந்தால் கண் இருட்டி நீருக்குள்ளேயே விழலாம். இன்சுலின் போட்டிருந்தால் சூட்டில் அது வேகமாக ரத்தத்தில் கலந்து சர்க்கரை தாழும். படபடப்பும் வேர்வையும் வந்தாலும், "வெந்நீர் வேலை செய்கிறது" என்றே நினைப்பார்.

இவர்களும், நெஞ்சுவலி உள்ளவர்களும், மது அருந்தியவர்களும், காய்ச்சல் உள்ளவர்களும், சிறு குழந்தைகளும் இறங்கவே வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் கூடாது, முதல் மூன்று மாதத்தில் தாயின் உடல் 39 டிகிரியைத் தாண்டினால் கருவின் முதுகுத்தண்டு வளர்ச்சியே பாதிக்கப்படலாம்.

அடுக்ககச் சங்கத்தில் பொறுப்பில் இருக்கும் என் மாணவர்களே, தொட்டிக்குப் பக்கத்தில் அலங்கார விளக்கு வைத்தீர்கள், ஒரு வெப்பமானி வைத்தீர்களா? கையை விட்டுப் பார்த்து நீரின் வெப்பநிலையைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. வெப்பமானி, கடிகாரம், யார் இறங்கக்கூடாது என்று தமிழில் ஒரு பலகை. இம்மூன்றும் வரும்வரை தொட்டியைப் பூட்டி வையுங்கள்.