வரைபை மூடிவிட்டும் விடை எழுதலாம் என்றால் அது என்ன வரைபுப் பயிற்சி?

பரீட்சை நெருங்கினால் ஊரில் செயலட்டைகள் பறக்கும். "புவியியல் வரைபு வினா 50, விடையுடன்" என்று வட்ஸ்அப் குழுமங்களில் வந்து விழும். பெற்றோர் போட்டோகொப்பி எடுத்துக் கொடுக்கிறார்கள். பிள்ளையும் ஐம்பதையும் சரியாகச் செய்துவிடுகிறது. பிறகு பரீட்சையில் தெரியாத ஊரின் வரைபு வந்தால் பேனை நகராது. ஏன் என்று கேட்டால் பிள்ளையில் பழி போடுகிறோம். பழி செயலட்டையில்.

அப்படியொரு தாளைக் கையில் எடுத்து வரைபைக் கையால் மூடுங்கள். இப்போது வினாவை வாசியுங்கள். "மட்டக்களப்புக்குக் கூடுதல் மழை தரும் பருவப்பெயர்ச்சி எது?" வரைபு எதற்கு? வகுப்புக் குறிப்பைப் பாடமாக்கிய பிள்ளை "வடகீழ்" என்று எழுதிவிடும். சோதித்தது ஞாபகத்தை, வாசிப்பை அல்ல.

குறிப்பிலுள்ள எண்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பழகிய எண்கள் பிள்ளையின் பயத்தைப் போக்கும். ஆனால் அதே எண்களிலிருந்து குறிப்பில் இல்லாத விடையைக் கேட்க வேண்டும். இப்படித்தான்:

எங்கள் வகுப்புக் குறிப்பில் மட்டக்களப்பின் மாத மழைவீழ்ச்சி சுற்றெண்ணாக இருக்கிறது. ஜனவரி 220, பெப்ரவரி 130, மார்ச் 80, ஏப்ரல் 60, மே 40, ஜூன் 25, ஜூலை 40, ஓகஸ்ட் 50, செப்டெம்பர் 65, ஒக்டோபர் 175, நவம்பர் 350, டிசம்பர் 415. எல்லாம் மில்லிமீற்றரில். மொத்தம் 1650.

முதலில் ஊரின் பெயரை எடுத்துவிட்டு "நிலையம் அ" என்று போடுங்கள். அட்டவணையைக் கொடுக்காமல் சலாகை வரைபை மட்டும் கொடுங்கள். அளவுத்திட்டத்தில் ஒரு பெரிய கட்டம் 100 மி.மீ. அதற்குள் சிறிய கட்டங்கள் ஐந்து. இனி ஜனவரியின் பெறுமானத்தைக் கேளுங்கள். சலாகை இரண்டு பெரிய கட்டமும் ஒரு சிறிய கட்டமும் உயரம். பல பிள்ளைகள் 210 என்று எழுதும். ஒரு சிறிய கட்டம் 10 என்று பழகிவிட்டார்கள். இங்கே அது 20, ஆகவே விடை 220. 210 என்று வந்தால் அந்தப் பிள்ளை அச்சைப் பார்க்கவில்லை என்று உடனே தெரியும். "கவனமில்லை" என்று திட்டத் தேவையில்லை. "ஒரு சிறிய கட்டம் எவ்வளவு?" என்பதையே முதல் வினாவாக வையுங்கள்.

அடுத்தது கணிப்பு. இலங்கையில் ஒக்டோபரும் நவம்பரும் இரண்டாம் இடைப்பருவப்பெயர்ச்சிக் காலம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி. இந்தப் பிரிப்பை வினாத்தாளிலேயே கொடுத்துவிட்டு, ஒவ்வொரு காலத்தின் மொத்தத்தையும் மாதச் சராசரியையும் கேளுங்கள்.

வடகீழ்க் காலத்தில் 415, 130, 220 சேர்ந்து 765. மூன்று மாதத்தால் வகுத்தால் 255. இடைப்பருவத்தில் 175, 350 சேர்ந்து 525. இரண்டால் வகுத்தால் 262.5.

பார்த்தீர்களா? மொத்தத்தில் வடகீழ்தான் கூட. ஆனால் மாதச் சராசரியில் இடைப்பருவம் சற்று மேலே நிற்கிறது. "வடகீழ்" என்று மட்டும் பாடமாக்கிய பிள்ளை நவம்பரின் 350ஐயும் அதற்குள் சேர்த்து 1115 என்று எழுதும். அந்த எண் விடைத்தாளில் வந்தால், கூட்டல் பிழையல்ல, ஞாபகம் வரைபை மூடிவிட்டது என்று விளங்கும். பிழையான விடையே ஆசிரியருக்கு இவ்வளவு சொல்ல வேண்டும். அதுதான் நல்ல செயலட்டை.

கடைசியாக மட்டும் "ஏன்?" என்று கேளுங்கள். அங்கே குறிப்பு உதவும். அந்த விடையிலும் ஒரு மாதமும் ஒரு பெறுமானமும் அலகும் இல்லாவிட்டால் முழுப் புள்ளி போடாதீர்கள்.

"இவ்வளவு செய்ய நேரமில்லை, பாடம் முடிக்க வேண்டும்" என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இது ஒரே வரைபு, நான்கு வினா. ஐம்பது வினாவைத் திருத்துவதை விட நேரம் குறைவு.

பெற்றோர்களே, அடுத்த செயலட்டைக்குக் காசு கொடுக்க முன் வரைபைக் கையால் மூடிப் பாருங்கள். பிள்ளை அப்போதும் விடை சொன்னால், அந்தத் தாளைத் திருப்பிக் கொடுங்கள்.