இரண்டு மரமா, 200 வயதா?

ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குபவர் சில நேரம் மரங்களை எண்ண வேண்டியிருக்கிறது. சாலை விரிவாக்கத்துக்காக 'டூ ஹண்ட்ரட் இயர் ஓல்டு ட்ரீஸ்' வெட்டப்பட்டன என்று ஒரு வரி வருகிறது. 'டூ'வைத் தனியே விட்டு, அடுத்த மூன்று சொற்களைச் சிறு கோட்டால் இணைத்திருந்தால் வெட்டுப்பட்டவை இரண்டே மரங்கள். ஒவ்வொன்றுக்கும் வயது நூறு. நான்கு சொற்களையும் இணைத்திருந்தால் வயது 200. எத்தனை மரங்கள் என்பது அந்த வரியில் இல்லை. கோடே இல்லையென்றால் நிருபரைத் தேடிப் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. நூறையாவது எண்ணால் எழுதியிருந்தால் இந்த அலைச்சல் மிச்சம்.

பெயருக்கு முன்னால் இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்து ஒரே அடைமொழியாக நிற்கும்போதுதான் இந்தக் கோடு தேவைப்படுகிறது. 'வெல்-நோன் ஆதர்' என்றால் கோடு உண்டு. 'தி ஆதர் இஸ் வெல் நோன்' என்றால் இல்லை. வினைக்குப் பின்னால் வரும்போது, தவறாக ஒட்டிக்கொள்ள அங்கே பெயர்ச்சொல் காத்திருப்பதில்லை. 'லிட்டில்-நோன் ஆதர்' அதிகம் பேர் அறியாத எழுத்தாளர். கோட்டை எடுத்துவிட்டால், அவசரத்தில் படிப்பவருக்கு எழுத்தாளரின் உயரம் குறைந்துவிடும்!

'லி' என்று முடியும் வினையடைகளுக்குக் கோடு வேண்டாம். 'ஹைலி பெய்டு ஆபீசர்' என்பதில் 'ஹைலி' அடுத்த சொல்லைத்தான் தழுவும் என்பதை அதன் வாலே சொல்லிவிடுகிறது. ஆனால் 'ஃபேமிலி' வினையடை அல்ல, பெயர்ச்சொல். எனவே 'ஃபேமிலி-ஓன்ட் ஹோட்டல்' என்பதில் கோடு இருந்தே ஆக வேண்டும். வாலை மட்டும் பார்த்துக் கோட்டை அடிக்கும் உதவி ஆசிரியர்கள் சறுக்குவது இங்கேதான்.

விதிக்கும் விலக்கு உண்டு. அமெரிக்க அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் நடைக் கையேடு, 'இஸ்' போன்ற வினைக்குப் பின்னாலும் கோட்டைத் தக்கவைக்கச் சொல்லிவந்தது. 2019இல்தான் அதைத் தளர்த்தியது. பழைய அமெரிக்க நாளேடுகளில் 'இஸ் வெல்-நோன்' என்று கண்டால் பிழை என்று அடிக்க வேண்டாம்.

தமிழில் 'பிரபல எழுத்தாளர்', 'எழுத்தாளர் பிரபலமானவர்' என்று சொல்லே உருமாறி இடத்தைக் காட்டிவிடுகிறது. ('நன்கு அறியப்பட்ட எழுத்தாளர்' என்பது மொழிபெயர்ப்பு மேஜையில் பிறந்த தமிழ்.) அதற்காகத் தமிழில் குழப்பமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 'பழைய புத்தகக் கடை' என்பதில் பழையது எது, புத்தகமா கடையா? கோடு போடும் பழக்கம் இங்கே இல்லை. விவரம் தெரிந்தவர்கள் 'பழைய புத்தகங்கள் விற்கும் கடை' என்று ஒரு சொல் கூடுதலாகச் செலவழிக்கிறார்கள்.