வாடிக்கையாளரின் பெயரை அடித்தால் மட்டும் போதுமா?

பிற நிறுவனங்களுக்காக மென்பொருள் எழுதித் தரும் கம்பெனி ஒன்றில் பத்தாண்டு உழைத்துவிட்டு, வேறு உத்தியோகம் தேடி ரெஸ்யூமே எழுத உட்காரும் ஒரு பொறியாளருக்கு முதலில் நேரும் சங்கடம், தாம் செய்தவற்றுள் மிகச் சிறந்த காரியம் எதுவோ, அதைப் பற்றியே வெளியில் பேசுவதில்லை என்று தாம் கையெழுத்திட்டிருப்பதுதான். அச்சம் மிகுந்தவர் “பல வங்கித் திட்டங்களில் பணியாற்றிய அனுபவம் உண்டு” என்று ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார். அந்த வரியைப் படிப்பவருக்கு அவர் தலைமை வகித்தவரா, பக்கத்தில் நின்று பார்த்தவரா என்பது விளங்குவதில்லை. அச்சம் இல்லாதவர் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறார். இவ்விருவரையும்விட என் கவனத்தை ஈர்ப்பவர் மூன்றாமவர். வாடிக்கையாளரின் பெயரை மட்டும் அடித்துவிட்டு, ஒப்பந்தத்தின் நிபந்தனையை நிறைவேற்றிவிட்டதாக நிம்மதியடைகிறவர் அவரே. அந்த நிம்மதிக்கு ஆதாரம் உண்டா என்பதை விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எந்த வங்கியையும் குறிக்காத, முற்றிலும் நானாகப் புனைந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். “தமிழ்நாட்டைத் தலைமையிடமாகக் கொண்ட, நூற்றாண்டு கண்ட தனியார் வங்கி ஒன்றின் கோர் பேங்கிங் மென்பொருளை மாற்றியமைத்தேன், 60 லட்சம் கணக்குகள் பெயர்க்கப்பட்டன, இரவுக் கணக்கு முடிப்பு 7 மணி நேரத்திலிருந்து 3 மணி நேரமாகக் குறைந்தது.” இதில் பெயர் இல்லை என்பது வாஸ்தவம். ஆயினும் நம் மாநிலத்தில் தலைமையிடம் கொண்டு நூறாண்டைக் கடந்து இன்றும் இயங்கும் தனியார் வங்கிகள் எத்தனை? 1904இல் கும்பகோணத்தில் தோன்றியது ஒன்று, 1916இல் கரூரில் தோன்றியது ஒன்று, 1921இல் தூத்துக்குடியில் தோன்றியது ஒன்று, ஆக மூன்றே. மென்பொருளின் பெயரையும் மாற்றம் நடந்த ஆண்டையும் விண்ணப்பதாரர் மற்றொரு பத்தியில் குறித்திருப்பாரானால், இத்தகைய மாற்றங்களை மென்பொருள் விற்றவர்கள் பத்திரிகைக் குறிப்பாக வெளியிட்டுப் பெருமை கொள்வது வழக்கமாதலால், மூன்று ஒன்றாகச் சுருங்குவதற்குச் சில நிமிஷங்களே போதும். சுருங்கிய பிறகு, கணக்குகளின் தொகையும் பழைய அமைப்பின் மந்தமும் ஒரு குறிப்பிட்ட வங்கியைப் பற்றிய செய்திகளாகிவிடுகின்றன.

இது வங்கித் துறைக்கு மட்டும் உரிய விபரீதம் அன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1990களில், அரசு ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகளை, பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டோம் என்ற தைரியத்தில், ஆராய்ச்சியாளர்களுக்கு வழங்கினார்கள். அப்போது மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி, இரண்டையும் ஒப்பிட்டார். ஆளுநராக இருந்த வில்லியம் வெல்டின் பிறந்த தேதியை உடையவர்கள் அந்நகரில் ஆறு பேர். அவர்களுள் ஆண்கள் மூவர். ஆளுநரின் அஞ்சல் குறியீட்டுப் பகுதியில் வசித்தவர் ஒருவரே. பெயரற்ற பதிவுகளிலிருந்து ஆளுநரின் நோய் விவரம் வெளிவந்துவிட்டது. தனித்தனியே பார்த்தால் தீங்கற்ற மூன்று விவரங்கள் கூடி நின்று ஒரு பெயரை உச்சரித்த சம்பவம் இது; ரெஸ்யூமேயில் நிகழ்வதும் இதுவே.

ஆகையால், எதை நீக்குவது என்ற கேள்விக்கு முன் எது பாதுகாக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்வி வருகிறது. பெரும்பாலோர் கையெழுத்திட்ட பிறகு அந்த ஒப்பந்தத்தை மறுமுறை படிப்பதில்லை. அதில் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். ரகசியத் தகவல் என்பதற்குக் கூறப்பட்டுள்ள வரையறை முதலாவது. சில ஒப்பந்தங்களில், இன்ன வாடிக்கையாளருக்கு இன்ன கம்பெனி வேலை செய்கிறது என்ற உறவே ரகசியமாக வகுக்கப்பட்டிருக்கும், சிலவற்றில் அப்படி இராது. விதிவிலக்குகள் இரண்டாவது, ஒப்பந்த மீறல் இன்றி ஏற்கெனவே பொதுவெளிக்கு வந்துவிட்டவை ரகசியம் ஆகா என்ற வாசகம் அநேகமாக எல்லாவற்றிலும் உண்டு. மூன்றாவது, வேலையை விட்ட பின் எத்தனை ஆண்டு இக்கடமை நீடிக்கும் என்பது. இங்கே நம்மவர்களிடையே ஒரு குழப்பம் பரவியிருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவில், ஒருவர் தம் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தத்தைச் செல்லாது என்கிறது; அதைக் கேள்விப்பட்டவர்கள், வேலையை விட்டதும் ரகசியக் கடமையும் கழிந்துவிட்டது என்று அனுமானிக்கிறார்கள். போட்டிக் கம்பெனியில் சேராதே என்ற நிபந்தனை வேறு, எங்கள் ரகசியத்தை அங்கே கொண்டு போகாதே என்ற நிபந்தனை வேறு. முன்னது செல்லாமற் போகும்போதும் பின்னது நிற்கும்.

வாடிக்கையாளரே தம் ஆண்டறிக்கையில் கம்பெனியின் பெயரைச் சொல்லியிருந்தால், அந்த உறவைச் சொல்வதில் பொதுவாகத் தடை இருப்பதில்லை. ஆனால் வெளிவந்தது அந்த ஓர் உண்மை மட்டுமே. அதன் வாசல் வழியே உள்ளே இருந்த மற்ற விவரங்களும் வெளியே வந்துவிட்டதாகக் கொள்வது தவறு.

இனி அந்த வாக்கியத்துக்குத் திரும்புவோம். ஒவ்வொரு விவரத்தையும் எடுத்து, இது யாருடையது என்று கேட்பதே நான் உசிதம் என்று கருதும் வழி. 60 லட்சம் கணக்குகள் என்பது வங்கியின் எண். இரவு வேலை 7 மணி நேரம் பிடித்தது என்பது வங்கியின் பலவீனம். நூற்றாண்டு கண்டது என்பது வங்கியின் சரித்திரம். அத்தனையையும் எழுதிய பொறியாளர், தம்முடையது என்று சொல்லத்தக்க ஒன்றையும் எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் எத்தனை பேருக்குத் தலைமை வகித்தார், உண்மையான மாற்றத்துக்கு முன் எத்தனை ஒத்திகை நடத்தினார், வெள்ளி இரவு கிளைகள் மூடிய பின் தொடங்கித் திங்கள் காலை திறப்பதற்குள் முடித்தாக வேண்டிய அந்த அவகாசத்தில் எந்தப் பொறுப்பு அவருடையது, பழைய ஏட்டின் மீதமும் புதிய ஏட்டின் மீதமும் கிளைவாரியாக ஒத்துப்போவதை எவ்வாறு சரிபார்த்தார் என்பனவெல்லாம் அவருடைய எண்கள், அவருடைய சாமர்த்தியங்கள். வேலைக்கு எடுப்பவர் தேடுவதும் இவற்றையே.

அவ்வாறு மாற்றி எழுதினால் வாக்கியம் இப்படி அமையும்: “நடுத்தர அளவுள்ள இந்தியத் தனியார் வங்கி ஒன்றின் மைய மென்பொருள் மாற்றத்தில், கணக்குத் தரவுகளைப் புதிய அமைப்புக்குப் பெயர்க்கும் 9 பேர் குழுவுக்குத் தலைமை வகித்தேன், 4 ஒத்திகைகளுக்குப் பின் ஒரே வார இறுதியில் மாற்றத்தை நிறைவேற்றினோம், கிளைவாரியாக மீதங்களை ஒப்பிடும் சரிபார்ப்பு முறையை நான் வகுத்தேன், இரவுக் கணக்கு முடிப்பு நேரம் பாதிக்கும் கீழாகக் குறைந்தது.” வங்கி மங்கலாயிற்று, மனிதர் தெளிவானார். கடைசிப் பகுதியில் மணிக்கணக்கை விட்டு விகிதத்தை மட்டும் வைத்திருக்கிறேன். விகிதம் எப்போதும் நிரபராதி என்று நினைத்துவிடக் கூடாது; “மோசடி இழப்பை 40 சதவீதம் குறைத்தேன்” என்று எழுதினால், மோசடி நடந்தது என்ற செய்தியை விகிதமே சுமந்து செல்கிறது. வேகம் கூடியது என்பது எந்த மாற்றத்திலும் எதிர்பார்க்கத்தக்கதாகையால் இங்கே அதை அனுமதிக்கலாம்.

மங்கலாக்குவதற்கும் பொய் சொல்வதற்கும் உள்ள எல்லையை இங்கே தாண்டிவிடுகிறவர்களும் உண்டு. தனியார் வங்கியைக் காப்பீட்டுக் கம்பெனி என்று மாற்றி எழுதுவதும், 9 பேரை 30 பேராக்குவதும் ரகசியத்தைக் காப்பதாகா. தம்மை வேலைக்கு வைத்திருந்த கம்பெனியின் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி ஆகியவை பின்னணிச் சரிபார்ப்பில் ஒப்பிடப்படுபவை. அவை அட்சரம் பிசகாமல் இருக்க வேண்டும். மறைக்கத்தக்கது வாடிக்கையாளர் மட்டுமே.

திட்டங்களுக்கு உள்ளே வைத்து வழங்கும் புனைபெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளியாருக்கு அப்பெயர் ஒன்றும் உணர்த்தாது என்பதாலேயே அதை எழுதலாம் என்று சிலர் வாதிக்கிறார்கள். அமெரிக்க உளவுத் துறையோடு தொடர்புடையவர்கள் அப்படித்தான் எண்ணி, லிங்க்டுஇன் பக்கங்களில் தாங்கள் கையாண்ட அமைப்புகளின் புனைபெயர்களைத் திறமைப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். 2015இல் ஒரு குழு அத்தகைய 27,000க்கு மேற்பட்ட விவரக் குறிப்புகளைத் திரட்டி, எவரும் தேடிப் பார்க்கும்படி வெளியிட்டுவிட்டது. வேறெங்கும் வழங்காத சொல் என்பதே தேடுபவருக்கு அதைச் சிறந்த திறவுகோலாக்குகிறது. வேலைவாய்ப்புத் தளத்தில் ஏற்றிய ரெஸ்யூமேயும் ஒருவருக்கு எழுதிய அந்தரங்கக் கடிதம் அன்று. பணம் கட்டிய எந்தக் கம்பெனியும், வாடிக்கையாளரின் போட்டியாளர் உட்பட, அதைத் துழாவலாம்.

எழுதி முடித்ததும் பரீட்சிக்க ஓர் எளிய உபாயம் உண்டு. அதே துறையில் இருந்து, நம் வாடிக்கையாளர் யார் என்று அறியாத நண்பர் ஒருவரிடம், ரெஸ்யூமேயையும் நம் லிங்க்டுஇன் பக்கத்தையும் சேர்த்துக் கொடுத்து, யாரென்று யூகிக்கச் சொல்ல வேண்டும். சேர்த்துக் கொடுப்பது முக்கியம். ரெஸ்யூமே மௌனம் சாதிக்கும் இடத்தில், வங்கியின் அதிகாரி ஒருவர் நமக்கு எழுதிய பாராட்டுரை லிங்க்டுஇன்னில் உரக்கப் பேசிக்கொண்டிருக்கும். நண்பர் கண்டுபிடித்துவிட்டால், எந்த விவரம் அவருக்குக் கைகொடுத்தது என்று கேட்டு, வாடிக்கையாளரை மிகுதியாகச் சுட்டி நம்மைக் குறைவாகச் சொல்லும் விவரத்தை எடுத்துவிட வேண்டும். அப்படியும் மறைக்க முடியாத வேலைகள் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நாட்டிலேயே ஒருவர் மட்டும் செய்யும் தொழிலை எவ்வளவு மங்கலாக்கினாலும் அவர் தெரிவார். அங்கே மிஞ்சும் மார்க்கம், எழுத்துமூலமாக அனுமதி கேட்பதே.

இந்த அனுமதி விஷயத்தில் கம்பெனிகள் மீது எனக்கு ஒரு புகார் உண்டு. தம் விளம்பரத்துக்கென இணையத்தில் வெளியிடும் திட்ட விவரணைகளில், “முன்னணித் தனியார் வங்கி ஒன்று” என்று தொடங்கி, செய்த வேலையையும் விளைந்த பலனையும் அவை தாமே விஸ்தாரமாக எழுதுகின்றன; சட்டப் பிரிவு அதைப் படித்து, சில சொற்களை அடித்து, சம்மதம் தெரிவித்த பிறகே அது வெளிவருகிறது. அவ்வேலையைச் செய்த ஊழியர் விலகும்போது மட்டும், கடமையை நினைவூட்டும் கடிதம் ஒன்று அவர் கையில் தரப்படுகிறதே தவிர, எதைச் சொல்லலாம் என்று ஒருவரும் கூறுவதில்லை. திட்டம் முடியும் தறுவாயில், வாடிக்கையாளரின் வகை, வேலையின் தன்மை, சொல்லத்தக்க பலன் ஆகிய மூன்றும் அடங்கிய நான்கு வரிப் பத்தி ஒன்றைச் சட்டப் பிரிவு பார்த்துக் கொடுத்துவிட்டால், ஊழியர் தம் பங்கை மட்டும் அதனோடு சேர்த்துக்கொள்வார். அது வரும்வரை, விலகுகிறவர்கள் தம் கம்பெனியின் இணையதளத்தில் அத்தகைய விவரணை இருக்கிறதா என்று பார்த்து, வாடிக்கையாளரைக் குறிக்க அங்கே கையாண்டிருக்கும் சொற்களையே கையாளலாம். கம்பெனி தானே பகிரங்கமாக எழுதிய சொற்களை ஊழியர் திருப்பிச் சொன்னார் என்பதற்காக அவர்மேல் குற்றம் சாட்டுவது அதற்கு எளிதாக இராது.