எண்ணுக்கு நடுவே ஒரு கோடு

டயர் வாங்கப் போகிறவர் எண்களை மட்டும் படிக்கிறார். எண்களுக்கு நடுவே இருப்பதைப் படிப்பதில்லை. பைக்கின் பின்சக்கரத்தில் 100/90-17 M/C 55P என்றும், சிறிய காரில் 165/80 R14 85T என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் முதல் எண் மில்லிமீட்டரில் அகலம்; அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. ஆக, பைக் டயரின் பக்கச்சுவர் 90 மி.மீ. மூன்றாவது எண் அங்குலத்தில் ரிம்மின் விட்டம். கணக்கு ஒன்றுதான். ஆனால் காரில் R நிற்கும் இடத்தில் பைக்கில் வெறும் கோடு. அது அலங்காரமல்ல, உள்ளே நூலடுக்குகள் ஒன்றையொன்று சாய்வாகக் குறுக்கிடுகின்றன என்பதற்கான அடையாளம். R என்றால் ரேடியல்; பெரிய பைக்குகளில் அதுவும் உண்டு. 55 என்பது 218 கிலோ சுமை, 85 என்பது 515 கிலோ. P 150 கி.மீ. வேகம் வரை, T 190 வரை.

"விட்டம் ஒன்றானால் கார் டயரையே பின்சக்கரத்தில் போடலாமே, சீக்கிரம் தேயாதே" என்பார்கள். சில நெடும்பயணக்காரர்கள் போடவும் செய்கிறார்கள். அதைத் தடுக்கத்தான் M/C. டயரின் விளிம்பு உட்காரும் இடம் இரு வகை ரிம்மிலும் ஒரே வடிவில் இருப்பதில்லை. எண் பொருந்தினாலும் டயர் சரியாக அமராமல் போகலாம். அமர்ந்தாலும் வளைவில் பைக் சாயும்போது தட்டையான கார் டயர் தன் ஓரத்தின் மேல் ஏறி நிற்கும்.