முள்ளா, கல்லா? பாதையைப் பார்த்து சக்கரத்தைத் தேர்ந்தெடுங்கள்

புது பைக் வாங்கப் போனால், 'அலாய் வீல், டியூப்லெஸ் டயர். இனி பஞ்சர் கவலையே இல்லை' என்பார்கள். ஊர் மெக்கானிக்கைக் கேட்டால், 'போக்ஸ் கம்பி வீலும் டியூபும்தான் நம்ம ரோட்டுக்குத் தாங்கும்' என்பார். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. நீங்கள் தினமும் போகும் பாதையில் வண்டியை அதிகம் நிறுத்துவது முள்ளா, கல்லா என்று பார்த்து முடிவு செய்வதே சரி.

முதலில் முள். ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் சீமைக்கருவேல முள் இல்லாத வரப்போ வண்டிப்பாதையோ இல்லை. டியூப் டயரில் முள் ஏறினால் காற்று சட்டென்று இறங்கிவிடும். பின்சக்கரம் என்றால் அதைக் கழற்றி, டியூபை வெளியே எடுத்து ஒட்ட வேண்டும். ஒட்டியபின் டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பார்க்காவிட்டால், உள்ளே ஒடிந்து நிற்கும் முள் முனை மறுநாளே மீண்டும் குத்தும். டியூப்லெஸ் டயரில் குத்திய முள்ளே துளையை அடைத்துக்கொண்டு நிற்கும். காற்று மெதுவாகத்தான் இறங்கும். முள்ளைப் பிடுங்காமல் கடைவரை மெதுவாக ஓட்டிவிடலாம். சக்கரத்தைக் கழற்றாமலே துளையில் ரப்பர் திரியைச் செருகி அடைக்கலாம். ஊசி, திரி, சிறிய பம்பு இருந்தால் நீங்களே செய்யலாம். ஆனால் டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் திரி உதவாது.

அடுத்து கல். இருபது லிட்டர் பால் கேன் இரண்டை நிரப்பிக் கட்டினால் கேனோடு சேர்த்து 45 கிலோவுக்கு மேல் வரும். பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்ததற்குச் சற்றே குறைவு. தனியாகப் போகும்போது வைக்கும் காற்றோடு இந்தப் பாரத்தை ஏற்றிக் கப்பி பெயர்ந்த சாலையில் போனால், டயர் நசுங்கிக் கல் நேராக ரிம்மில் இடிக்கும். டியூப் டயரில் இதற்கு ஓர் அடையாளம் உண்டு: டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளைகள் இருக்கும். அது முள் குத்தியதல்ல, காற்றுக் குறைவு. ரிம் வளைந்திருந்தாலும் ஊர்க் கடையிலேயே கம்பியை இறுக்கித் தளர்த்தி ஓரளவு பெண்டு எடுத்துவிடுவார்கள். உடைந்த கம்பியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

அலாய் வீலில் அதே இடி விழுந்தால் ரிம்மின் விளிம்பு நசுங்கும். டியூப்லெஸ் டயர் காற்றைப் பிடித்து வைப்பதே அந்த விளிம்பில்தான். டயரில் துளையே இல்லாமல் தினமும் காற்று இறங்கினால் விளிம்பில் சோப்பு நீர் ஊற்றிப் பாருங்கள். நுரை வந்தால் கோளாறு அங்கே. சிறிய நசுங்கல் என்றால் உள்ளே டியூப் போட்டு ஓட்டலாம். விரிசல் என்றால் வீலையே மாற்ற வேண்டும். வெல்டிங் வைத்துப் பாரம் ஏற்றுவது ஆபத்து. இன்னொரு சிக்கல்: காற்று முழுக்க இறங்கியபின் பாரத்தோடு ஓட்டினால் டயர் விளிம்பை விட்டு விலகிவிடும். அதைத் திரும்ப உட்கார வைக்கக் கைப்பம்பு பெரும்பாலும் போதாது, கம்ப்ரசர் வேண்டும். கிராமத்தில் அது எங்கே இருக்கிறது என்று முன்பே தெரிந்து வையுங்கள்.

போக்ஸ் வீலிலேயே டியூப்லெஸ் டயர் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள் சிலர். சாதாரணக் கம்பி வீலில் கம்பி செருகிய ஒவ்வொரு துளை வழியாகவும் காற்று கசியும். டியூப் இல்லாமல் நிற்காது. அதேபோல் அலாய் வீல் வண்டி என்றாலே டியூப்லெஸ் என்று நினைக்க வேண்டாம். சில விலை குறைந்த மாடல்களில் அலாய் வீலுக்குள்ளும் டியூப்தான் இருக்கும். கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் முள் பாதை, பிறகு பால் சொசைட்டி வரை தார் ரோடு. இவருக்கு அலாய், டியூப்லெஸ்தான் ஏற்றது. வழியில் வண்டியைக் கவிழ்த்துச் சக்கரம் கழற்றினால் பால் எடுக்கும் நேரம் தப்பிவிடும். மலையடிவாரத்தில் கல் பாதையில் தக்காளிப் பெட்டியும் உர மூட்டையும் ஏற்றுபவருக்குப் போக்ஸ் வீலும் டியூபும் போதும். முள்ளும் கல்லும் கலந்த பாதையா? பஞ்சர் கடை வீட்டுக்கு எவ்வளவு தூரம், அங்கே கம்ப்ரசர் உண்டா என்பதை வைத்து முடிவெடுங்கள்.

எந்தச் சக்கரமானாலும், பாரம் ஏற்றும் நாளில் காற்றைக் கூட்டுங்கள். தனியாகப் போக ஓர் அளவு, பின்னால் ஆள் ஏறினால் ஓர் அளவு என இரண்டையும் வண்டியிலோ கையேட்டிலோ அச்சிட்டிருப்பார்கள். பால் கேன் கட்டினால் இரண்டாவது அளவுதான் உங்களுக்கு. டயர் குளிர்ந்திருக்கும் காலையிலேயே அளந்து பார்த்துவிடுங்கள். வீல் மாற்றும் செலவுக்கு முன்னால் காற்றுப் பிடிக்கும் செலவு ஒன்றுமே இல்லை.